மூன்று ரேட்டில் வாங்கிய பருப்பு

மளிகைக் கடையில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் விலை போடும் தொல்லை கடைக்காரருக்குக் கிடையாது. கம்பெனியே எம்.ஆர்.பி. அச்சிட்டு அனுப்பிவிடுகிறது. மூட்டையாக வரும் சரக்குதான் தலைவலி. துவரம்பருப்பு, மிளகாய் வற்றல், புளி, மல்லி எல்லாம் போன வாரம் ஒரு ரேட்டில் வந்திருக்கும், இந்த வாரம் வேறு ரேட்டில் வரும். கடையில் இருப்பதோ ஒரே டப்பா. பழைய பருப்பின் மேல் புதுப் பருப்பைக் கொட்டிவிட்ட பிறகு, எந்தக் கிலோ எந்த ரேட்டுக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய விலையும் ஒன்றுதான்.

தென்மாவட்டச் சிறு ஊர் ஒன்றில், எனக்குத் தெரிந்த அண்ணாச்சி கடையின் துவரம்பருப்புக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கணக்குப் புரிய வசதியாக எண்களைக் கொஞ்சம் நேராக்கியிருக்கிறேன். முதலில் 100 கிலோ, கிலோ 120 ரூபாய்க்கு வாங்கினார். அடுத்து, வரத்துக் குறைந்து விலை ஏறியிருந்த சமயத்தில், வேறு வழியில்லாமல் ஒரே ஒரு மூட்டை, 50 கிலோ, 138 ரூபாய்க்கு எடுத்தார். பிறகு விலை இறங்கியதும் ஐந்து மூட்டையாக 250 கிலோ வாங்கினார். அது கடை வந்து சேர கிலோ 108 ரூபாய் ஆனது.

கடையில் உதவிக்கு நிற்கும் அக்கா மகன் கால்குலேட்டரைத் தட்டினான்.

“மாமா, மூணு ரேட்டையும் கூட்டி மூணால வகுத்தா நூத்தி இருபத்திரெண்டு வருது. அடக்கம் அதுதானே?”

“மூணு ரேட்டு சரிதான் மாப்ளே. ஒவ்வொரு ரேட்டுலயும் எத்தனை கிலோ வாங்கினோம்னு பாத்தியா? எம்புட்டுப் பணம் போச்சு, எம்புட்டுப் பருப்பு வந்துச்சு, அதைச் சொல்லு.”

அண்ணாச்சி கேட்ட அந்த இரண்டு கேள்விகளிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. முதல் கொள்முதலுக்குப் போனது 12,000 ரூபாய், இரண்டாவதற்கு 6,900, மூன்றாவதற்கு 27,000. மொத்தம் 45,900 ரூபாய். வந்த பருப்பு 400 கிலோ. பணத்தைக் கிலோவால் வகுத்தால் 114 ரூபாய் 75 காசு. பையன் சொன்ன 122-க்கும் இதற்கும் ஏழே கால் ரூபாய் வித்தியாசம். பருப்பு வியாபாரத்தில் கிலோவுக்கு ஏழு ரூபாய் என்பது பல நாளில் முழு லாபமே அவ்வளவுதான்.

பையன் செய்தது எங்கே பிசகியது? 138 ரூபாய்க்கு வாங்கியது ஒரு மூட்டை, 108-க்கு வாங்கியது ஐந்து மூட்டை. அவன் கணக்கில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு கிடைத்துவிட்டது. ரேட்டுகளை மட்டும் சராசரி எடுப்பது, எல்லா ரேட்டிலும் ஒரே அளவு வாங்கியிருந்தால் மட்டுமே சரியாக வரும். அளவு மாறினால், அதிகம் வாங்கிய ரேட்டின் பக்கம் சராசரி சாய வேண்டும். கணக்குப் புத்தகங்கள் இதை ‘எடையிட்ட சராசரி’ என்கின்றன. பொற்கொல்லர்களுக்கு இது பழைய சங்கதி. வெவ்வேறு மாற்றுள்ள தங்கத் துண்டுகளை உருக்கிச் சேர்த்தால் கிடைக்கும் தங்கத்தின் மாற்று என்ன என்பதை, ஒவ்வொரு துண்டின் எடையையும் மாற்றையும் பெருக்கிக் கூட்டி மொத்த எடையால் வகுத்துக் காண வேண்டும் என்று பாஸ்கரர் 1150-ல் எழுதிய ‘லீலாவதி’யே சொல்கிறது. தங்கத்தின் இடத்தில் பருப்பையும் மாற்றின் இடத்தில் ரேட்டையும் வைத்தால் அண்ணாச்சியின் கணக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஒரே தொகைக்கு வாங்கினாலும் இந்தச் சறுக்கல் உண்டு. 10,000 ரூபாய்க்கு 100 ரூபாய் ரேட்டில் வாங்கினால் 100 கிலோ வரும். அதே 10,000-க்கு 125 ரூபாய் ரேட்டில் 80 கிலோதான் வரும். இரண்டு ரேட்டின் நடு 112 ரூபாய் 50 காசு. ஆனால் 20,000 ரூபாய்க்குக் கையில் வந்தது 180 கிலோ. அடக்கம் 111 ரூபாய் 11 காசு. மலிவாக இருக்கும்போது அதே பணத்துக்குக் கூடுதல் பருப்பு வந்துவிடுவதால் சராசரி கீழே இறங்குகிறது.

இதுவரை சொன்னதில் ஒரு கற்பனை இருக்கிறது. மூன்று தடவை வாங்கும் வரை கடையில் ஒரு கிலோகூட விற்கவில்லை என்று வைத்துக்கொண்டோம். அப்படி ஒரு கடை இருந்தால் அதை மூடிவிடலாம். நிஜத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் நடுவில் விற்பனை நடந்துகொண்டே இருக்கிறது. எனவே ஒவ்வொரு கொள்முதல் வரும்போதும், அந்த நேரத்தில் கடையில் மிச்சம் இருப்பதோடு மட்டும் புதுச் சரக்கைச் சேர்த்துச் சராசரி போட வேண்டும்.

அண்ணாச்சியின் நோட்டில் அது இப்படி ஓடுகிறது. முதல் 100 கிலோவில் 60 கிலோ விற்றுவிட்டது. மிச்சம் 40 கிலோ, கிலோ 120 வீதம் அதன் மதிப்பு 4,800 ரூபாய். அதன் மேல் 138 ரூபாய் மூட்டை வருகிறது, 6,900 ரூபாய். இப்போது டப்பாவில் 90 கிலோ, மதிப்பு 11,700. வகுத்தால் அடக்கம் 130 ரூபாய்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். பழைய ரேட் 120 என்ற நினைப்பிலேயே பத்து சதவீதம் வைத்து 132-க்கு விற்றுக்கொண்டிருந்தால், கிலோவுக்கு 12 ரூபாய் வருகிறது என்று மனசு சொல்லும். வருவது இரண்டு ரூபாய்தான். புதுமூட்டையின் 138-ஐப் பிடித்துக்கொண்டு அதன் மேல் பத்து சதவீதம் வைத்து 152 என்று சொன்னாலோ, எதிர்க்கடையில் விலை கேட்டுவிட்டு வந்தவர் பையை மடித்துக்கொண்டு போய்விடுவார். இரண்டு தவறும் தினமும் நடப்பவை. பழைய பாக்கியோடு சேர்த்துப் பார்க்காமல், ஏதோ ஒரு பில்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விலை சொல்வதால் வருபவை.

அந்த 90 கிலோவில் 70 கிலோ விற்கிறது. மிச்சம் 20 கிலோ, 130 வீதம் 2,600 ரூபாய். இப்போது 108 ரூபாய்ப் பருப்பு 250 கிலோ வந்து இறங்குகிறது, 27,000 ரூபாய். டப்பாவிலும் மூட்டையிலுமாக 270 கிலோ, மதிப்பு 29,600. அடக்கம் 109 ரூபாய் 63 காசு.

முன்னே வந்த 114.75 எங்கே போயிற்று? அது மொத்தக் காலத்துக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. அதில் எப்போதோ விற்றுத் தீர்ந்துபோன விலை உயர்ந்த பருப்பும் உட்கார்ந்திருக்கிறது. வருஷக் கடைசியில் ஒரே தடவையாகக் கணக்குப் பார்ப்பவர்கள் அப்படிப் போடலாம். அதுவும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான். ஆனால் இன்று காலையில் பலகையில் என்ன விலை எழுதுவது என்ற கேள்விக்கு, இப்போது கடையில் இருக்கும் பருப்பின் அடக்கம்தான் தேவை. அது 109.63.

இந்த ஓடும் சராசரியில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விற்கும்போது அடக்கம் மாறாது. டப்பாவில் இருந்து பத்துக் கிலோ அள்ளினாலும் நாற்பது கிலோ அள்ளினாலும், மிச்சமிருக்கும் பருப்பின் கிலோ அடக்கம் அதேதான். மாறுவது வாங்கும்போது மட்டும். ஆகவே ஒவ்வொரு விற்பனைக்கும் கணக்குப் போட வேண்டியதில்லை. மூட்டை இறங்கும் அன்று மூன்று வரி எழுதினால் போதும். எழுதியது சரியா என்று பார்க்கவும் எளிய வழி இருக்கிறது. விற்றதற்கான அடக்கம்: 60 கிலோவுக்கு 7,200, 70 கிலோவுக்கு 9,100, சேர்த்து 16,300. இருப்பின் மதிப்பு 29,600. இரண்டையும் கூட்டினால் 45,900. பில்களுக்குக் கொடுத்த மொத்தப் பணமும் அதுவே. இந்தக் கூட்டல் உதைத்தால் எங்கோ ஒரு மூட்டை எழுதாமல் விட்டிருக்கிறது, அல்லது பழைய இருப்பைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதியிருக்கிறது.

கணினியில் போடுபவர்கள் அளவை B பத்தியிலும் ரேட்டை C பத்தியிலும் எழுதி, இந்த ஒரு வரியைக் கொடுத்தால் போதும். முதல் வரிசையில் பழைய மிச்சத்தையும் அதன் பழைய அடக்கத்தையும் எழுத வேண்டும், அடுத்ததில் புதுச் சரக்கை.

```
=SUMPRODUCT(B2:B3,C2:C3)/SUM(B2:B3)
```

இனி, அந்த 108 ரூபாய் எப்படி வந்தது என்ற கதைக்கு வருவோம். பில்லில் இருந்தது 106 ரூபாய்தான். முதல் இரண்டு தடவையும் உள்ளூர் மொத்த வியாபாரி கடை வாசலிலேயே இறக்கிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது முறை விருதுநகரில் வாங்கியது. பருப்புக்கும் மல்லிக்கும் வற்றலுக்கும் பேர்போன சந்தை ஆயிற்றே, விலை இரண்டு ரூபாய் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்ந்து 500 ரூபாய். அதை 250 கிலோவுக்குப் பகிர்ந்தால் கிலோவுக்கு இரண்டு ரூபாய். சரக்கைக் கடையில் கொண்டுவந்து வைக்க ஆன செலவு முழுவதும் சரக்கின் விலைதான். கடை வாடகையும் கரண்ட் பில்லும் அப்படியல்ல. அவை பருப்பு வந்தாலும் வராவிட்டாலும் உண்டு. அவற்றை லாபத்திலிருந்துதான் கட்ட வேண்டும், அடக்கத்தில் திணிக்கக் கூடாது. மொத்தக் கடைக்காரர் பில்லிலேயே தள்ளுபடி கொடுத்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

மேலே இருக்கும் பணம் சரியாகிவிட்டது. கீழே வகுக்கும் கிலோவும் சரியாக இருக்க வேண்டுமே. வாங்கியது 270 கிலோ என்றால் விற்கப் போவதும் 270 கிலோவா? மூட்டை மூலையில் தங்கும் குருணையும் தூசியும் உண்டு. கால் கிலோ, அரைக் கிலோவாக நிறுக்கும்போது தராசு முள் கொஞ்சம் வாடிக்கையாளர் பக்கம் சாயும். ஒவ்வொரு பொட்டலத்திலும் போகும் அந்த நாலைந்து பருப்பு, மூட்டை தீரும்போது கிலோக்கணக்கில் வந்து நிற்கும். புழு விழுந்தால் சலித்துக் கழிக்க வேண்டும். இந்தச் சேதாரம் கடைக்குக் கடை வேறுபடும், எனவே ஊரார் சொல்லும் சதவீதத்தை நம்பாமல், ஒரு மூட்டையைத் தனியாக வைத்து விற்றுத் தீரும் வரை பொட்டலங்களைக் கூட்டிப் பார்ப்பதே சரி. அண்ணாச்சி கடையில் 270 கிலோவில் நான்கு கிலோ போகிறது என்று வைத்துக்கொள்வோம். 29,600 ரூபாயை விற்கக்கூடிய 266 கிலோவிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அடக்கம் 111 ரூபாய் 28 காசு ஆகிறது. பருப்பில் இது ஒன்றரை ரூபாய் விஷயம். புதிதாக வந்த புளியிலும் வற்றலிலும் ஈரம் காய்ந்தே எடை குறையும் என்பதால் அங்கே சேதாரம் இன்னும் கடுமையாகக் கடிக்கும்.

விற்பனை விலை இந்த 111.28-லிருந்து தொடங்குகிறது. ‘பத்து பர்சென்ட் வைச்சு விக்கேன்’ என்று இரண்டு கடைக்காரர்கள் சொன்னால், இருவரும் ஒரே விலையைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒருவர் அடக்கத்தின் மேல் பத்து சதவீதம் ஏற்றுகிறார்: 122 ரூபாய் 41 காசு. மற்றவர், விற்றுவரும் நூறு ரூபாயில் பத்து ரூபாய் தனக்கு நிற்க வேண்டும் என்கிறார். அவர் அடக்கத்தை 0.9-ஆல் வகுக்க வேண்டும்: 123 ரூபாய் 64 காசு. வித்தியாசம் கிலோவுக்கு ஒன்றே கால் ரூபாய்கூட இல்லை. 266 கிலோவும் விற்று முடியும்போது சுமார் 330 ரூபாய். கல்லாவில் சேர்ந்த விற்பனைத் தொகையில் பத்து சதவீதத்தை லாபம் என்று எண்ணி வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டே, விலையை மட்டும் முதல் முறையில் போடுபவருக்கு, சுமார் 296 ரூபாய் முதலிலிருந்து கரைகிறது. அண்ணாச்சி இரண்டாவது வகை. பலகையில் 124 என்று எழுதினார்.

இத்தோடு முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சந்தைக்கு நம் அடக்கம் தெரியாது, தெரிந்தாலும் கவலைப்படாது. கர்நாடகத்தின் கலபுரகியிலும் மகாராஷ்டிரத்திலும் துவரை எப்படி விளைந்தது, மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கப்பலில் எவ்வளவு வந்தது என்பதைப் பொறுத்து விலை ஏறி இறங்கும். 2015 அக்டோபர் வாக்கில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது பலருக்கும் நினைவிருக்கும். அதற்கடுத்து 2016-17 பருவத்தில் துவரை ஏராளமாக விளைந்து, விவசாயிக்கு அரசு அறிவித்த ஆதரவு விலைகூடக் கிடைக்காத அளவுக்கு விழுந்தது. இவ்வளவு ஆட்டத்துக்கு நடுவில், சராசரி அடக்கம் என்பது கடந்து போன பில்களின் நினைவு மட்டுமே.

அண்ணாச்சி 124 என்று பலகையில் எழுதிய பிறகு மொத்த விலை 135-க்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். அவர் பேசாமல் 124-க்கே 266 கிலோவையும் விற்றால் கல்லாவில் 32,984 ரூபாய் சேரும். நோட்டில் 3,384 ரூபாய் லாபம் தெரியும். அத்தனை பணத்தையும் கொண்டுபோய்ப் பருப்பு வாங்கினால் 244 கிலோதான் வரும். வாடகைக்கும் வீட்டுக்கும் ஒரு ரூபாய்கூட எடுக்காமலே, 270 கிலோ இருந்த கடையில் 26 கிலோ குறைந்துவிட்டது. லாபம் என்று நோட்டு சொன்னதும் பொய்யில்லை, சரக்கு சுருங்கியதும் பொய்யில்லை. அதனால்தான் பழைய வியாபாரிகள் விலை ஏறும்போது, ‘அடுத்த மூட்டை என்ன விலை’ என்று கேட்டுவிட்டுத்தான் பலகையைத் தொடுவார்கள். வாடிக்கையாளருக்கு இது கோபம் வரவழைக்கும். பழைய சரக்குக்குப் புது விலையா என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு, அந்தப் பலகையிலும் நியாயம் உண்டு. பல கடைகளில் பார்த்த வழக்கம், ஒரே நாளில் முழுதாக ஏற்றாமல் இரண்டு மூன்று தவணையாக ஏற்றுவது.

விலை இறங்கும்போது கூத்து எதிர்ப்பக்கம் நடக்கும். டப்பாவில் 130 ரூபாய் அடக்கத்தில் 90 கிலோ இருந்தபோதே மொத்த விலை 108-க்கு இறங்கி, எதிர்க்கடைக்காரர் 120-க்கு விற்க ஆரம்பித்திருந்தால் என்ன செய்வது? ‘என் அடக்கமே 130’ என்று சொல்லிப் பயனில்லை. மலிவான சரக்கை உடனே வாங்கிச் சேர்த்தால் சராசரி இறங்கும் என்பது ஒரு வழி; அண்ணாச்சி 250 கிலோ வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இதில் ஏமாறவும் இடமுண்டு. சராசரி இறங்கியதால் 138 ரூபாய் மூட்டையில் ஏற்பட்ட நஷ்டம் மாயமாகிவிடவில்லை. மலிவு மூட்டைகளில் வரவேண்டிய லாபத்திலிருந்து அது கழிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவே. சராசரியைக் குறைப்பதற்காகவே தேவைக்கு மேல் வாங்கி, விற்கும் முன் வண்டு விழுந்துவிட்டால் இரட்டை நஷ்டம்.

இன்னொரு எல்லை, தரம். சராசரி போடலாம் என்றால் அது ஒரே பொருளாக இருக்க வேண்டும். ஒரே பெயர் இருந்தால் போதாது. மியான்மரிலிருந்து வரும் ‘லெமன்’ ரகத் துவரையை உடைத்த பருப்பும் கலபுரகிப் பருப்பும் பெயரளவில் துவரம்பருப்புதான். ஆனால் வேகும் பதமும் விலையும் வேறு, கேட்டு வாங்குபவர்களும் வேறு. இரண்டையும் நோட்டில் ஒரே கணக்காக்கினால், நல்ல பருப்பை அடக்கத்துக்கும் கீழே விற்றுக்கொண்டும், சாதாரணப் பருப்பை யாரும் வாங்காத விலைக்கு வைத்துக்கொண்டும் இருக்க வேண்டிவரும். தனி டப்பாவில் விற்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

டாலி போன்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையெல்லாம் தானாக நடக்கிறது. சரக்கின் மதிப்பீட்டு முறையில் Avg. Cost என்று இருந்தால் சராசரி அடக்கத்தை அதுவே போட்டுக்கொள்ளும். அங்கே வரும் கோளாறு வேறு மாதிரி. மூட்டை காலையில் இறங்கி விற்பனையும் தொடங்கிவிடும், கொள்முதல் பில்லை மூன்று நாள் கழித்துப் பதிவார்கள். அந்த மூன்று நாளும் கணினியின் கண்ணுக்கு இல்லாத பருப்பை விற்றதாக ஆகி, இருப்பு மைனஸில் போகும். மைனஸ் கிலோவை வைத்துப் போடும் சராசரி எந்தக் கோணலுக்கும் போகலாம். 110 ரூபாய்ப் பருப்பின் அடக்கம் திடீரென்று 70 என்றோ 190 என்றோ காட்டும். அப்படி ஓர் எண் கண்ணில் பட்டால் முதலில் தேட வேண்டியது, எந்தத் தேதியில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று என்பதைத்தான். பில்லைச் சரக்கு வந்த தேதியிலேயே பதிந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மார்ச் 31 அன்று மிச்ச இருப்புக்கு மதிப்புப் போடும்போதும் இதே சராசரி உதவும். இந்தியாவில் சரக்கிருப்பை மதிப்பிடும் கணக்குத் தரநிலையான ஏ.எஸ். 2, ஒன்றோடொன்று மாற்றிக்கொள்ளக்கூடிய இத்தகைய சரக்குக்கு, முதலில் வந்தது முதலில் போனதாகக் கொள்ளும் முறை, எடையிட்ட சராசரி முறை ஆகிய இரண்டையும் ஏற்கிறது. கடைசியில் வந்தது முதலில் போனதாகக் கொள்ளும் முறை 1999-ல் செய்த திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் வருஷத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. அடக்கம் எவ்வளவோ, விற்றால் செலவு போகக் கையில் நிற்கக்கூடியது எவ்வளவோ, இரண்டில் குறைந்ததைத்தான் இருப்பின் மதிப்பாக எழுத வேண்டும் என்ற விதியும் அதில் இருக்கிறது. அண்ணாச்சியிடம் அன்று 109.63 அடக்கத்தில் 150 கிலோ மிச்சமிருந்தால் மதிப்பு 16,444 ரூபாய் 50 காசு. அன்றைக்கு விலை விழுந்து கிலோவுக்கு 100 ரூபாய்தான் தேறும் என்றால் 15,000 என்றே எழுத வேண்டும். மீதி 1,444 ரூபாய் 50 காசு, பருப்பு இன்னும் விற்காவிட்டாலும், அந்த வருஷத்து நஷ்டம்.